கையுறை பேக்கிங்கில் டார்கெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் 19 வருடம் வேலை செய்தேன். கடைசி ஏழு வருடம் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதியாகவும் இருந்தேன். கோயிலில், பஸ் நிறுத்தத்தில், கல்யாண வீட்டில் என்று எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

அக்கா, வாட்ச் வச்சுக்கிட்டு பக்கத்துல நின்னு எழுதுறாங்களே, என்னத்ததான் எழுதுறாங்க?

அவர் பெரும்பாலும் ஐ.இ. என்கிற தொழில்துறைப் பொறியியல் பிரிவிலிருந்து வருபவர். உன் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்கிறார். ஐம்பது ஐம்பதாக அடுக்கி வரும் கையுறையில் இரண்டு அடுக்கை எடுப்பது ஒரு துண்டு. எடை சரிபார்ப்பது அடுத்தது. மடித்துப் பெட்டிக்குள் நுழைப்பது, மூடியைச் செருகுவது, கார்ட்டனில் வைப்பது எல்லாம் தனித்தனித் துண்டுகள். இதைப் பத்து இருபது தடவை பார்த்துச் சராசரி எடுப்பார்.

அந்தத் தாளில் இன்னொரு கட்டம் உண்டு. அதில் நீ எவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்தாய் என்று அவர் மனதுக்குப் பட்ட ஒரு எண்ணைப் போடுவார். வாட்சை எல்லோரும் பார்க்கிறோம். இந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான சண்டைக்குக் காரணம் அந்தக் கட்டம்தான்.

இத யாருக்கா முதல்ல ஆரம்பிச்சது?

ஃபிரடெரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1856இல் பிறந்து 1915இல் இறந்தார். மிட்வேல் எஃகு ஆலையில் லேத் பட்டறைக்குத் தலைவராக இருந்தபோது, ஆட்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள் என்று அவர்களோடு பல வருடம் மல்லுக்கட்டினார். வேலை எப்படி நடக்கிறது என்பது தொழிலாளியின் கையில் இருக்கிறவரை முதலாளி கட்டுப்படுத்த முடியாது, அந்த அறிவை வாங்கி அலுவலகத்தில் வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். வாட்ச் வந்தது அதற்குத்தான்.

அவருடைய பேர்பெற்ற கதை 1899இல் பெத்லஹேம் எஃகு ஆலையில் நடந்தது. 92 பவுண்டு இரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் வண்டியில் ஏற்றும் வேலை. ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து 47 டன் வரை ஏற்ற வைத்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆனது. வேலை ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆளின் கையில் நாளின் 43 சதவீத நேரம்தான் சுமை இருக்கலாம், மீதி 57 சதவீதம் சுமையில்லாமல் இருக்க வேண்டும் என்று டெய்லரே சொன்னார். ஓய்வும் கணக்குக்குள் அடக்கம். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

எங்க லைன்ல டார்கெட் 806 பெட்டின்னு ஒட்டிட்டாங்க. இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?

தலைகீழாகப் போட்டுப் பார். எட்டு மணி நேரத்துக்கு 28,800 வினாடி. அதை 806ஆல் வகுத்தால் ஒரு பெட்டிக்கு 35.7 வினாடி. மூச்சு விடுவது, டாய்லெட் போவது, இடுப்பை நிமிர்த்துவது எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். இனி அந்த 35.7 எப்படி வந்தது என்று பார்ப்போம்.

வாட்ச் சொன்ன சராசரி 40 வினாடி என்று வைத்துக்கொள். பார்த்தவர், இந்தப் பெண் கொஞ்சம் மெதுவாகச் செய்கிறாள் என்று நினைத்து 85 என்று போட்டார். 40ஐ 85 சதவீதமாக்கினால் 34 வினாடி. அதற்கு மேல் ஓய்வுக்கு 5 சதவீதம் சேர்த்தார். 35.7 வந்துவிட்டது. அவரே சுறுசுறுப்புக்கு 100 போட்டு, ஓய்வுக்கு 15 சதவீதம் கொடுத்திருந்தால் பெட்டிக்கு 46 வினாடி. நாளைக்கு 626 பெட்டி. 85ஐ வைத்துக்கொண்டு ஓய்வை மட்டும் 15 ஆக்கினால் 736. ஆள் அவள்தான், அந்த 40 வினாடியிலும் மாற்றமில்லை. 626க்கும் 806க்கும் நடுவே உள்ள 180 பெட்டியை வாட்ச் அளக்கவில்லை. ஒரு மனிதரின் பேனா போட்டது அது.

இன்னொன்றும் இருக்கிறது. பத்துப் பெட்டிக்கு ஒரு கார்ட்டன். கார்ட்டன் தீர்ந்தால் நீயே போய் எடுத்து, மடக்கி, டேப் ஒட்டிக்கொண்டு வருகிறாய். அதற்கு 50 வினாடி என்றால் பெட்டிக்கு 5 வினாடி கூடுகிறது. நேரம் எடுத்த அன்று யாராவது கார்ட்டனைக் கொண்டுவந்து வைத்திருந்தால், தாளில் அந்த 5 வினாடி இருக்காது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 45 வினாடி, 15 சதவீத ஓய்வோடு 51.75. நாளைக்கு 556 பெட்டிதான் வரும்.

ஓய்வுக்கு இத்தனை சதவீதம்னு யார் முடிவு பண்றா? கம்பெனி இஷ்டமா?

சட்டத்தில் இந்தச் சதவீதம் இல்லை. ஆனால் ஐ.இ. படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு அட்டவணை இருக்கிறது. உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் வேலை ஆய்வுக் கையேட்டில் வந்து, அதிலிருந்து எங்கும் பரவியது. சொந்தத் தேவைக்கு ஆணுக்கு 5, பெண்ணுக்கு 7. அடிப்படைக் களைப்புக்கு 4. நின்றுகொண்டே செய்தால் ஆணுக்கு 2, பெண்ணுக்கு 4. நின்று பேக் பண்ணும் பெண்ணுக்கு ஆரம்பமே 15 சதவீதம். குனிந்த நிலை, சத்தம், சூடு, சலிப்பு ஆகியவற்றுக்கு மேலும் கூட்டலாம். அதனால்தான் மேலே 15 என்று போட்டேன்.

டாய்லெட் போகக் கார்டு வாங்க வேண்டியிருக்கும் பிரச்சினையும் இங்கேதான் அவிழ்கிறது. 15 சதவீதக் கணக்கில் 7 சதவீதம் என்பது எட்டு மணி நேரத்தில் சுமார் 29 நிமிடம். அந்த நேரத்தைச் சேர்த்துத்தான் டார்கெட்டே போட்டிருக்கிறார்கள் என்றால், பத்து நிமிடம் டாய்லெட் போனதற்கு முகம் சுளிப்பது ஒரே நேரத்தை இரண்டு முறை எடுப்பதாகும். சேர்க்கவில்லை என்றால் டார்கெட்டே தவறு. சூப்பர்வைசரிடம் கோபப்படாமல், இந்த இரண்டில் எது என்று கேளுங்கள்.

85, 100ன்னு போடுறது சயின்ஸ்தானேக்கா? படிச்சவங்க போடுறாங்க.

பழகிப் போடுகிறார்கள், அது உண்மை. 100 என்றால் என்ன என்று பயிற்சியில் காட்டுவார்கள். நடுத்தர உடம்புள்ள ஒருவர் சுமையில்லாமல் நேர்வழியில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடந்தால் அது 100. ஒரு நாள் நடந்து பாருங்கள், அது சாவகாசமான நடை இல்லை, பஸ்ஸைப் பிடிக்கிற நடை. அந்த வேகத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டு பேக்கிங்கையும் அதனோடு ஒப்பிட்டுப் போடுகிறார்கள். தேர்ந்த இருவர் ஒரே ஆளைப் பார்த்து 90, 100 என்று வேறுவேறு எண் போடுவது சாதாரணம். அந்தப் பத்துப் புள்ளி மேலே சொன்ன கணக்கில் நாளைக்கு எழுபது பெட்டி.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கொண்டுவந்த பாலை எடை போட்டு, மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, எவ்வளவு ரப்பர் தேறும் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதுவார். கருவி பொய் சொல்லாது. ஆனால் அதைப் படிப்பது கிராணியின் கண், எழுதுவது அவருடைய கை. அம்மா வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கரிக்கட்டையால் தன் கணக்கைக் கோடாகப் போடுவார். மாசக் கடைசியில் அந்தக் கோடுகளோடு போய் நிற்பார். எல்லா மாதமும் ஜெயிக்கவில்லை. ஆனால் அவருடைய கணக்கில் விளையாட கிராணி யோசிப்பார்.

வாட்ச் வச்சு நிக்கும்போது மட்டும் மெதுவா செஞ்சா டார்கெட் குறையும்ல?

பாலில் தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் காட்டிக்கொடுக்கிற மாதிரிதான் இதுவும். நேரம் எடுப்பவர் எதிர்பார்ப்பதே அதை. நீ 40 வினாடியை 50 ஆக இழுத்தால் அவர் 85க்குப் பதில் 70 போடுவார். 50ஐ 70 சதவீதமாக்கினால் 35. கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். கையை அந்தரத்தில் நிறுத்துவது, ஒரே பெட்டிக்கு நேரம் ஏறி இறங்குவது எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும்.

பழைய கைகள் செய்வது வேறு. எழுதி வைத்த முறையில் உள்ள எல்லாப் படியையும் விடாமல் செய்வார்கள். எடை பார்ப்பது, மூடியைச் சரியாகச் செருகுவது, கிழிந்த கையுறையைத் தனியாகப் போட்டுக் குறிப்பது, லாட் நம்பரைச் சரிபார்ப்பது. அவசரத்தில் நாம் தினமும் விடுகிற படிகள் இவைதான். இதில் நடிப்பு எதுவும் இல்லை. கம்பெனியே எழுதிய வேலைமுறையைச் செய்கிறோம், அதற்கு ஆகும் நேரம் தாளில் ஏறட்டும். என் அனுபவத்தில் இது மட்டுமே நின்றது.

சீனியருங்க "ரொம்பப் போடாதே"ன்னு சொல்றாங்க. பொறாமையா?

பொறாமை இல்லை. அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி 700 போட்டால் மூன்று மாதத்தில் எல்லோருக்கும் 700 ஆகிறது, கூடுதல் காசு பழையபடி நின்றுவிடுகிறது. கூலி விகிதத்தை முதலாளிகள் வெட்டுவதால்தான் தொழிலாளர்கள் கைகோத்து மெதுவாகச் செய்கிறார்கள் என்று டெய்லரே ஒத்துக்கொண்டார்.

சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஹாதார்ன் ஆலையில் 1931, 1932இல் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்து, ஓர் ஆய்வாளர் அருகில் உட்கார்ந்து மாதக்கணக்கில் கவனித்தார். கூட்டாகச் சம்பாதிக்கும் திட்டம், கூடுதலாகச் செய்தால் கூடுதல் காசு. இருந்தும் ஆளுக்கு நாளைக்கு இரண்டு சாதனம் என்று அவர்களே ஒரு எல்லை வகுத்துக்கொண்டார்கள். மீறியவரைக் கேலி செய்தார்கள், தோளில் ஒரு குத்து விட்டார்கள். மிகக் குறைவாகச் செய்து மற்றவர் உழைப்பில் நின்றவரையும் விடவில்லை. மேலாளரிடம் போட்டுக்கொடுப்பது பெரிய குற்றம்.

புதிதாக வந்த பிள்ளையை அப்படிக் குத்திக் காட்டுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வீட்டில் கடன் இருக்கும், அதனால் ஓடுவாள். உட்கார வைத்துக் கணக்கைக் காட்டுங்கள், புரிந்துகொள்வாள்.

நல்ல நாள்ல கூடுதலா போட்டு ஒளிச்சு வச்சு, மோசமான நாள்ல காட்டலாமா?

உலகம் முழுக்கத் தொழிலாளர் செய்கிற வேலைதான். ஹாதார்ன் ஆட்களும் கணக்கை அப்படித்தான் சமப்படுத்தினார்கள். நம் மேசையில் மட்டும் வேண்டாம். கையுறைப் பெட்டியில் லாட் நம்பரும் தேதியும் இருக்கும். நேற்றைய லாட்டை இன்றைய கார்ட்டனில் போட்டால், ஓட்டை என்று வாங்கியவர் புகார் செய்யும்போது எந்த லாட்டைத் திரும்ப வாங்குவது என்றே தெரியாது. மருத்துவமனைக்குப் போகிற சாமான் அது. வேலையும் போகும்.

எல்லாரும் சேர்ந்து மெதுவா பண்ணா என்ன பண்ணிட முடியும்?

நிறையப் பண்ண முடியும். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தில் வேலைநிறுத்தம் என்றால் வேலையை விட்டு வெளியே போவது மட்டும் அல்ல. ஆட்கள் பேசிவைத்துக்கொண்டு வேலையைக் குறைப்பதும் தாமதப்படுத்துவதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. சங்கமும் ரகசிய வாக்கெடுப்பும் இல்லாமல் அதைச் செய்தால் சட்டவிரோத வேலைநிறுத்தம். வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு 500க்கு மேல யாரும் போடாதீங்க" என்று எழுதுவது உங்கள் கையெழுத்தோடு ஆதாரம் கொடுப்பது மாதிரி. ஒரு பக்கத்து லைனில் இப்படித்தான் நாலு பேர் விசாரணைக்குப் போனார்கள்.

அப்போ வேற என்னதான் வழி?

எங்கள் லைனில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய டார்கெட் 560. புதிதாக வந்தவர் ஒரு காலை ஒன்பது மணிக்கு நேரம் எடுத்தார். இருப்பதிலேயே இளம்பெண்ணைத் தேர்ந்தார். கார்ட்டன் எடுத்துக் கொடுக்க ஒரு பையனை நிறுத்தினார். அடுத்த வாரம் 806 என்று தாள் ஒட்டினார்கள். பலரும் அழுதார்கள். மூன்று பேருக்குத் தோள்பட்டை வலி.

ஆறு நாள் ஒரு சின்ன நோட்டில் நாங்கள் இரண்டே விஷயத்தைக் குறித்தோம். கார்ட்டன் எடுக்கப் போன நேரமும் திரும்பிய நேரமும் ஒன்று. கையுறை ஒட்டிக்கொண்டு வந்து பிரிக்க வேண்டியிருந்த அடுக்குகள் எத்தனை என்பது இன்னொன்று. சாப்பாட்டுக்குப் பின்னும், ஷிப்ட் முடியப் போகும் கடைசி மணியிலும் தனியாக எழுதினோம். அப்போதுதான் உண்மை வேகம் தெரியும். காலை ஒன்பது மணிக்கு யார் கையும் வேகமாகத்தான் ஓடும்.

இதைப் பாதுகாப்புக் குழுவில் வைத்தோம். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். அங்கே தோள் வலியைப் பற்றிப் பேசினால் பதிவாகும், மேலாளர் பதில் சொல்லியாக வேண்டும். வேலையிடப் பாதுகாப்பு இலாகா 2017இல் வெளியிட்ட, வேலை உடம்புக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று பார்க்கும் எர்கோனாமிக் ஆபத்து மதிப்பீட்டு வழிகாட்டியில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும் ஒரு ஆபத்தாக எண்ணப்படுகிறது. டார்கெட்டைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மறுபடி நேரம் எடுங்கள், மூன்று வேளையும் எடுங்கள், எங்களில் ஒருவர் கூட நிற்கட்டும், சுறுசுறுப்பு எண்ணும் ஓய்வுச் சதவீதமும் தாளில் தெரியட்டும் என்று கேட்டோம். மறு ஆய்வில் டார்கெட் 620 ஆனது. கார்ட்டன் கொண்டுவர ஒரு ஆள் நிரந்தரமாகக் கிடைத்தார். சுறுசுறுப்பு எண்ணைக் கடைசிவரை காட்டவில்லை. அந்த ஒன்றில் நாங்கள் தோற்றோம்.

வாட்சை எதிர்த்தே வெளிநடப்பு செய்தவர்களும் உண்டு. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலையில் ஒரு வார்ப்புத் தொழிலாளி தனக்கு நேரம் எடுக்க விடமாட்டேன் என்று மறுத்தார். அவரை நீக்கினார்கள். மற்ற வார்ப்பாட்கள் வெளியேறினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது, டெய்லரே வந்து சாட்சி சொன்னார். பின்பு அரசுத் தளவாடச் சாலைகளில் ஸ்டாப்வாட்சுக்குப் பணம் ஒதுக்கக்கூடாது என்று பல வருடம் தடை இருந்தது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது.

எங்க லைன்ல நேபாளி, பங்களாதேஷ் பசங்க ஓட்டமா ஓடுறாங்க. அவங்களாலதானே நம்ம டார்கெட் ஏறுது?

அவர்கள் ஓடுவதற்குக் காரணம் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன். 2019இலிருந்து அமெரிக்கா சில மலேசியக் கையுறைகளுக்கு இறக்குமதித் தடை போட்ட பிறகுதான் சில தொழிற்சாலைகள் அந்தக் கட்டணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தன. கடனோடு வந்தவன் ஓ.டி.க்காக ஓடத்தான் செய்வான். பாஸ்போர்ட் முதலாளி கையிலும் பர்மிட் அவர் பெயரிலும் என்றால் முகம் கோணவும் முடியாது. எங்கள் நோட்டில் அதிகம் எழுதியவர் ஒரு நேபாளித் தம்பி. கார்ட்டன் நடை அவருக்கும் அதே 50 வினாடிதான்.

இப்ப வாட்ச்சே இல்லக்கா. கம்ப்யூட்டர் அட்டவணைய பாத்து டார்கெட் போடுறாங்க. அத எப்படி கேள்வி கேட்கிறது?

அது எம்.டி.எம். மாதிரியான முறை, 1948இலேயே வந்துவிட்டது. கையை நீட்டுவது, பிடிப்பது, நகர்த்துவது, விடுவது என ஒவ்வொரு அசைவுக்கும் நேரம் முன்கூட்டியே அட்டவணையில் இருக்கும். அதன் அலகு ஒரு மணி நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 0.036 வினாடி. சுறுசுறுப்பு எண் போடும் சண்டை இதில் இல்லை, அது நல்லதுதான்.

ஆனால் எந்தெந்த அசைவைப் பட்டியலில் சேர்ப்பது என்பதை ஒரு ஆள்தான் தீர்மானிக்கிறார். கையுறை ஒட்டிக்கொண்டு வந்தால் பிரிக்கும் அசைவைச் சேர்த்தாரா? கார்ட்டன் நடையைச் சேர்த்தாரா? ஓய்வுச் சதவீதம் இதிலும் தனியாகத்தான் கூட்டப்படுகிறது. அசைவுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, உன் கை செய்வதோடு வரிவரியாக ஒப்பிடு. விட்டுப்போனது கண்ணில் படும்.

டார்கெட் முடிக்கலன்னா சம்பளத்த வெட்டலாமா? வேலைய விட்டுத் தூக்கலாமா?

அடிப்படைச் சம்பளத்தில் வெட்ட முடியாது. பெட்டிக்கு இவ்வளவு என்று பீஸ் கணக்கில் வேலை செய்தாலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக்கூடாது. 2025 பிப்ரவரியிலிருந்து, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் மாதம் 1,700 வெள்ளி. ஊக்கத்தொகை வேறு, அது டார்கெட்டோடு ஏறி இறங்கும். சம்பளச் சீட்டில் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டியிருந்தால் லேபர் ஆபிஸுக்குப் போகலாம்.

வேலை சரியில்லை என்று நீக்க வேண்டுமானால் முன்னெச்சரிக்கை கொடுத்து, திருந்தப் போதிய அவகாசம் கொடுத்து, அப்போதும் முடியவில்லை என்று முதலாளிதான் காட்ட வேண்டும். தொழிலியல் நீதிமன்றம் பார்ப்பது அதை. எச்சரிக்கைக் கடிதம் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, "கார்ட்டன் நாங்களே எடுக்கிறோம், அந்த நேரம் டார்கெட்டில் இல்லை" என்பதைத் தேதி போட்டு எழுத்தில் பதிலாகக் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். நீக்கிவிட்டால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுத்துவிட வேண்டும். 61ஆம் நாள் போன ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். அவள் பக்கம் எல்லா நியாயமும் இருந்தது, நோட்டும் கையில் இருந்தது, கேட்க ஆளில்லை.